முப்பதாவது டோக்கன்: ஒரு தேர்வுக் கேள்வி

ஐயா, வணக்கம். நான் தண்டையார்பேட்டையில் புள்ளியியல் படிக்கும் மாணவி. மாதிரித் தேர்வில் வந்த கேள்வி இது: ஓர் அரசு மருத்துவமனையின் ஓ.பி. சீட்டுப் பிரிவில் காலையில் 360 டோக்கன்கள் கொடுக்கப்படுகின்றன. அவை மூன்று கவுண்டர்களுக்கு 1, 2, 3 என்று சுழற்சியில் போகின்றன. 9-ஆம் டோக்கனில் தொடங்கி 30-க்கு ஒருவராக 12 பேரின் காத்திருப்பு நேரம் (நிமிடத்தில்): 12, 21, 30, 38, 45, 52, 55, 53, 48, 40, 31, 19. சராசரி 37 என்றும் திட்டப்பிழை 4.1 என்றும் எழுதினேன். ‘இந்த மதிப்பீடு நம்பகமானதா?’ என்ற பகுதிக்கு ‘ஆம்’ என்றேன். அதற்கு மதிப்பெண் கிடைக்கவில்லை. எங்கே தவறினேன்?

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கணக்கில் பிழை இல்லை. கூட்டுத்தொகை 444, அதை 12 பேருக்கு வகுத்தால் 37. எளிய சமவாய்ப்புக் கூறெடுப்புக்கு உரிய சூத்திரத்தை, 360 பேரில் 12 பேரை எடுத்ததற்கான திருத்தத்தோடு போட்டால் 4.1-உம் சரியாகவே வருகிறது. கேள்வியின் நடுவில் இருக்கும் ‘சுழற்சியில்’ என்ற சொல்லைத்தான் கவனிக்காமல் விட்டிருக்கிறீர்கள்.

தேர்ந்தெடுத்த டோக்கன்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்: 9, 39, 69, 99 என்று போய் 339-இல் முடிகிறது. எல்லாமே மூன்றால் வகுபடும் எண்கள். அதாவது, நீங்கள் பார்த்த பன்னிரண்டு பேரும் மூன்றாம் கவுண்டருக்கு முன்னால் நின்றவர்கள். மற்ற இரண்டு கவுண்டர்களிலிருந்து ஒருவர்கூட உங்கள் கூறில் இல்லை. 30 என்ற இடைவெளி 3-இன் மடங்காக இருப்பதால், எந்த எண்ணில் தொடங்கினாலும் ஒரே ஒரு கவுண்டர்தான் அகப்படும்.

வடசென்னையில் இப்படிப்பட்ட ஒரு மருத்துவமனையில் அம்மாவுடன் பல காலைகள் நின்றிருக்கிறேன். ஒரு கவுண்டரில் பழைய சீட்டைத் தேடி எடுத்து, பெயரை இரண்டு முறை கேட்டு எழுதுவார்கள். பக்கத்துக் கவுண்டரில் அதற்குள் மூன்று பேர் நகர்ந்துவிடுவார்கள். ஆகவே கவுண்டர்களின் வேகம் ஒன்றே என்று வைத்துக்கொள்ள இடமில்லை.

முதல் இரண்டு கவுண்டர்களின் உண்மைச் சராசரி 24, 26 என்றும், மூன்றாவதன் சராசரி 37 என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மொத்தச் சராசரி 29. தொடக்க எண்ணை 1 முதல் 30 வரை சமவாய்ப்பில் எடுத்தால் ஒவ்வொரு கவுண்டருக்கும் பத்துத் தொடக்கங்கள் கிடைக்கும் என்பதால், உங்கள் மதிப்பீடு கண்டிப்பான பொருளில் பிறழ்ச்சியற்றதுதான், அதாவது எல்லாத் தொடக்கங்களுக்கும் சேர்த்துச் சராசரி பார்த்தால் 29-தான் வரும். இதை எழுதியிருந்தாலே தேர்வாளர் மகிழ்ந்திருப்பார். ஆனால் எந்த ஒரு நாளிலும் உங்கள் கைக்கு வருவது 24-ஐயோ 26-ஐயோ 37-ஐயோ ஒட்டிய எண்தான். கவுண்டர் வேறுபாடு மட்டுமே ஏற்படுத்தும் திட்டப்பிழை ஏறத்தாழ 5.7 நிமிடம். மூன்றாம் கவுண்டரை மட்டுமே பார்த்த பன்னிரண்டு எண்களிலிருந்து இதைக் கணக்கிட வழியே இல்லை.

அப்படியானால் அந்த 4.1 எதைச் சொல்கிறது? உங்கள் எண்கள் 12-இலிருந்து 55 வரை ஏறி, மறுபடி 19-க்கு இறங்குகின்றன. இது காலைக் கூட்டம் சேர்ந்து கரையும் வடிவம். இப்படிச் சம இடைவெளியில் எடுக்கும் முறைசார்ந்த கூறெடுப்பு அந்த வடிவம் முழுவதிலும் சீராகப் பரவி நிற்பதால் இந்த ஏற்ற இறக்கத்தால் அதற்குப் பெரிய பிழை வராது. எளிய சமவாய்ப்புச் சூத்திரமோ அதையும் பிழையாகச் சேர்த்துக்கொள்கிறது. அதே திருத்தத்தோடு, அடுத்தடுத்த எண்களின் வித்தியாசங்களை வைத்துக் கணக்கிட்டால் திட்டப்பிழை 1.5-க்கு இறங்கிவிடும். ஆகவே 4.1 ஒரு பக்கம் மிகை, இன்னொரு பக்கம் குறை. பார்ப்பதற்கு நியாயமான எண்ணாக இருப்பதுதான் அதன் ஆபத்து.

திருத்தம் எளிது. இடைவெளியை 31 ஆக்குங்கள். 9, 40, 71, 102 என்று எடுத்தால் கவுண்டர்கள் 3, 1, 2, 3 என்று மாறி மாறி வரும். 350 வரை பன்னிரண்டு பேர் கிடைப்பார்கள், கவுண்டருக்கு நால்வர். தொடக்க எண் 19-க்கு மேல் போனால் பதினொருவர்தான் வருவார்கள். அதைத் தவிர்க்க, தொடக்கத்தை 1 முதல் 360 வரை எங்கிருந்தும் எடுத்து, 360-ஐத் தாண்டியதும் மறுபடி 1-இலிருந்து எண்ணித் தொடரலாம். களத்தில் டோக்கன் எண்ணுக்குப் பக்கத்தில் கவுண்டர் எண்ணையும் குறித்துக்கொண்டால், இத்தகைய சிக்கல் நான்காவது வரியிலேயே கண்ணில் பட்டுவிடும்.

இன்னொன்று, கேள்வியில் இல்லாதது. 71-ஆம் டோக்கன்காரர் காத்திருந்து அலுத்து வீட்டுக்குப் போய்விட்டால், கைக்கு எட்டிய 72-ஆமவரைப் பிடிக்காதீர்கள். அவர் வேறு கவுண்டர்காரர். அதோடு, பாதியில் போனவர்கள் பெரும்பாலும் நெடுநேரம் நின்றவர்களாகவே இருப்பார்கள் என்பதால் சராசரி பொய்யாகக் குறையும். ‘இத்தனை நிமிடம் நின்றார், பிறகு போய்விட்டார்’ என்று அதே வரியில் எழுதி வையுங்கள்.