அலமாரிக்குள் எது இருக்க வேண்டும்?

கேள்வி: போன வருடம் வீட்டுச் சாமானில் பாதியைக் கழித்துவிட்டு, ஹாலில் ஒரு பக்கச் சுவர் முழுவதும் மூடிய அலமாரி போட்டோம். சோபா, ஒரு குட்டி மேஜை தவிர ஹாலில் எதுவும் கிடையாது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், மாமியார் வீட்டிலேயே இருக்கிறார். காலையில் பளிச்சென்று வைத்துவிட்டுப் போனால் ராத்திரி ஏழு மணிக்கு ஹால் சந்தைக்கடை மாதிரி ஆகிவிடுகிறது. மழைக்காலத்தில் அலமாரியைத் திறந்தால் பூஞ்சை வாடை வேறு. எங்கள் வீட்டில் யாருக்கும் ஒழுங்கு இல்லை என்பதுதான் காரணமா? (வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: இல்லை. பிள்ளைகளைத் திட்டுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். காரணம் அந்த அலமாரியை நிரப்பிய விதம்.

ஏழு மணிக்கு ஹாலில் என்னென்ன கிடக்கிறது என்று மூன்று நாள் மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பள்ளிக்கூடப் பை, சாப்பாட்டுப் பை, ஹெல்மெட், வண்டிச் சாவி, சார்ஜர், கழற்றிப் போட்ட சாக்ஸ், காய்கறிப் பை, பாதி எழுதிய நோட்டு. எல்லாமே தினமும் வெளியே போய்த் திரும்பி வருகிற பொருள்கள். இப்போது அலமாரியைத் திறந்து அதில் இருப்பதையும் எழுதுங்கள். கொலு பொம்மைப் பெட்டி, விருந்துக்கு எடுக்கும் டின்னர் செட், கல்யாணத்துக்கு வந்த பாத்திரங்கள், பழைய பாடப் புத்தகங்கள், கம்பளி. நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் இரண்டாவது பட்டியல் இப்படித்தான் இருக்கும். வருடத்துக்கு ஒரு முறை எடுப்பதற்குக் கை எட்டும் இடத்தைக் கொடுத்துவிட்டு, தினம் நாலு முறை எடுப்பதற்கு இடமே வைக்கவில்லை. இடம் இல்லாத பொருள் தரைக்கும் சோபாவுக்கும்தான் போகும்.

ஆகவே முதல் வேலை இடமாற்றம். வருடாந்திரச் சாமான் பரணுக்கும் கட்டில் அடிப்பெட்டிக்கும் போகட்டும். அலமாரியில் மேலிருந்து கீழ் வரை போகும் வரிசைகளில் வாசலுக்கு மிக அருகில் இருக்கும் ஒன்றை முழுவதும் காலி செய்யுங்கள். உங்கள் வீட்டு ஒழுங்கு அந்த ஒரு வரிசையில்தான் தீர்மானமாகப் போகிறது. மற்றவற்றை அப்புறம் பார்க்கலாம்.

அந்த வரிசை மூன்றடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். நடுவே நெடுக்காக ஒரு பலகை வைத்து இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏறக்குறைய 17 இன்ச் அகலம் கிடைக்கும். நிரம்பிய பள்ளிக்கூடப் பை உட்கார இது போதும். உயரம் 20 இன்ச் விடுங்கள். குறைத்தால் பையைச் சாய்த்துத் திணிக்க வேண்டி வரும், இரண்டே நாளில் பை மறுபடியும் சோபாவுக்கு வந்துவிடும். பைத் தட்டு தரையிலிருந்து ஆறு இன்ச் உயரத்தில் இருக்கட்டும். எடை மிகுந்த பையைச் சின்னப் பிள்ளை தூக்கி வைக்காமல் தோளிலிருந்து அப்படியே இறக்கிவிடலாம், அடியில் துடைப்பமும் நுழையும். அதற்கு மேல் தட்டு பெரியவர்களுடைய ஆபீஸ் பைக்கு. ஹெல்மெட்டுக்கு 14 இன்ச் உயரமாவது உள்ள தனித் தட்டு வேண்டும், உட்புறம் மேலே பார்த்தபடி. வியர்வை காயாமல் கவிழ்த்து வைத்தால் உள் பஞ்சு நாறும். கண் மட்டத்தில் விளிம்பு உள்ள ஒரு தட்டம் வைத்து, சாவி, பர்ஸ், கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் அதில் போடுங்கள். சாப்பாட்டுப் பைக்கு இங்கே இடம் தராதீர்கள். அது நேரே சமையலறைத் தொட்டிக்குப் போக வேண்டும். வழியில் ஒரு இடம் கொடுத்தால் மறுநாள் காலை வரை அங்கேயே கிடந்து புளிக்கும்.

இனி கதவு. அந்த ஒரு வரிசையின் கதவைக் கழற்றிவிடுங்கள். கூச வேண்டாம், திறந்து போடச் சொல்லவில்லை. அதற்குப் பதில் சுவர் நிறத்திலேயே கெட்டித் துணியில் ஒரு திரை, மேலே கம்பியில் ஓடும்படி. காரணம் சொல்கிறேன். ஒரு பொருளை உள்ளே வைக்க எத்தனை அசைவு தேவை என்று எண்ணிப் பாருங்கள். கதவைத் திற, உள்ளே இருக்கும் கூடையை இழு, மூடியை எடு, பொருளைப் போடு, மூடியை மூடு, கூடையைத் தள்ளு, கதவைச் சாத்து. ஏழு அசைவு. பள்ளி விட்டுப் பசியோடு வரும் எட்டு வயதுப் பிள்ளை இதைச் செய்யாது. பெரியவர்களும் செய்ய மாட்டார்கள். திரை என்றால் ஒரு கையால் ஒதுக்கி மறு கையால் வைத்துவிடலாம், திரை தானே விழுந்துகொள்ளும். தினமும் புழங்கும் பொருளுக்கு மூடி போட்ட பெட்டி வாங்கவே வாங்காதீர்கள். படத்தில் அழகாக இருக்கும், வீட்டில் அதன் மூடிமேல்தான் சாமான் சேரும்.

இந்தத் திரை உங்கள் இரண்டாவது தொல்லைக்கும் பாதி மருந்து. கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கென்று சில விஷயங்கள் உண்டு. வெளியூர் வீட்டுப் படங்களைப் பார்த்துச் சுவரோடு சுவராக ஒட்டி அலமாரி அடித்தால் இங்கே பூஞ்சை பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிச்சுவர் நனைந்து குளிர்ந்திருக்கும். கடலோரக் காற்றில் ஈரம் எப்போதும் அதிகம். அந்தக் காற்று அலமாரி முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் நகர வழியில்லாமல் நிற்கும்போது, குளிர்ந்த சுவரில் ஈரம் தங்கிவிடுகிறது. முதலில் தெரிவது வாடை. அடுத்து உள் முதுகுப் பலகையின் கீழ் மூலைகளில் கறுப்புப் புள்ளிகள். பிறகு பலகை விளிம்பில் மைக்கா லேசாகத் தூக்கிக்கொள்ளும். பார்ட்டிகிள் போர்டாக இருந்து விளிம்பு உப்பிவிட்டால் அது பழைய நிலைக்குத் திரும்பாது, அந்தப் பலகையை மாற்ற வேண்டியதுதான்.

கெட்டுப்போவதற்குள் செய்ய வேண்டியது இது. முதுகுப் பலகையில் மேலே நாலு, கீழே நாலு என்று இரண்டு இன்ச் வட்டத் துளைகள் போடச் சொல்லுங்கள். கீழ்த் துளையில் காற்று நுழைந்து மேல் துளையில் வெளியேறும். அலமாரி நகர்த்தக்கூடியது என்றால் சுவரிலிருந்து ஒரு இன்ச் தள்ளி வையுங்கள். சுவரோடு பொருத்தியது என்றால் முதுகில் துளை போட்டுப் பயனில்லை. கதவுகளின் மேலும் கீழும் ஜாலி வெட்டச் சொல்லுங்கள். எந்தத் தட்டையும் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். நெருக்கி அடுக்கினால் காற்றும் போகாது, திரும்ப வைக்கக் கையும் போகாது. மழை இல்லாத நாளில் பதினோரு மணிக்கு மேல் ஒரு மணி நேரம் எல்லாக் கதவையும் திறந்து வைத்து மின்விசிறியை ஓட விடுங்கள். விடிகாலையில் திறந்தால் ஈரக் காற்றைத்தான் உள்ளே விடுவீர்கள். உங்கள் வீட்டில் பகலில் மாமியார் இருக்கிறார். அவருக்கு முடிந்தால் இதை அவரிடம் கேட்டுக்கொள்ளலாம். அடைமழைக் காலத்தில் கடைகளில் கிடைக்கும் ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பாவை வரிசைக்கு ஒன்றாக வைக்கலாம். கதவு உள்ள வரிசைக்கு மட்டும்தான் அது பயன்படும். டப்பாவில் சேரும் நீர் துணியிலோ தோல் பொருளிலோ சிந்தினால் கெடுத்துவிடும், ஆகவே பிள்ளைகள் திறக்காத வரிசைகளில், கீழ்த்தட்டில் மட்டும். நனைந்த செருப்பு, மழைக்கோட்டு, குடை மூன்றையும் அலமாரிக்குள் விடவே கூடாது. வாசலுக்கு வெளியே விளிம்பு உயர்ந்த ஒரு தட்டமும் மூன்று கொக்கியும் போதும்.

அடுத்த முறை ஆசாரியை அழைக்கும்போது, கீல்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 304 என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணக் கீல் உப்புக் காற்றில் துருவேறி, கதவு தொங்கி, சரியாகச் சாத்தாது. சாத்தாத கதவுள்ள அலமாரியை வீட்டில் யாரும் மதித்துப் புழங்குவதில்லை.

எதையெல்லாம் ஒளித்து வைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதில் பலர் தவறுகிறார்கள். மாமியாருடைய மாத்திரை டப்பா, மூக்குக் கண்ணாடி, தண்ணீர்ச் சொம்பு, கைத்தடி ஆகியவை அவர் உட்காரும் இடத்தில், கண்ணில் படும்படி இருக்க வேண்டும். ஹால் வெறுமையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு வேளை மாத்திரை மறக்கப்படக் கூடாது. ஒரு அழகான மரத்தட்டில் சேர்த்து அந்தக் குட்டி மேஜையில் வையுங்கள். அந்தத் தட்டு மாமியாருடையது, அதில் வேறு எவருடைய பொருளும் வரக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். டார்ச் லைட்டும் அப்படித்தான். புயல் ராத்திரியில் கரண்டு போனபின் தேடுவதற்கு நேரம் இருக்காது. தானே புயல், ஃபெஞ்சல் புயல் இரண்டையும் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பத்திரம், ரேஷன் கார்டு, சான்றிதழ்கள் கட்டில் அடிப்பெட்டியில் வேண்டாம். தெருவில் தண்ணீர் ஏறினால் முதலில் நனைவது அதுதான். இடுப்புக்கு மேல், பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

தினசரி வழக்கம் என்று பெரிதாக அட்டவணை போடாதீர்கள், ஒரு வாரம் தாங்காது. ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒன்றோடு கட்டிவிடுங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டு போடுவதற்கு முன் ஏழு நிமிடம், வீட்டில் இருக்கும் எல்லோரும், அவரவர் பொருளை மட்டும். உங்கள் கேள்வியில் 'வைத்துவிட்டுப் போனால்' என்கிற வேலையைச் செய்கிறவர் நீங்கள் ஒருவர்தான் என்று தெரிகிறது. ஐந்து பேர் புழங்கும் ஹாலை ஒருவர் மட்டும் காலையில் சரி செய்வது நடக்காது. கணவரின் ஹெல்மெட்டை நீங்கள் எடுத்து வைக்காதீர்கள். அந்த ஏழு நிமிடத்தில் அவர் வைக்கட்டும், பிள்ளைகளும் அதைப் பார்த்துத்தான் வைப்பார்கள்.

யாருடையது என்று தெரியாமல் மிஞ்சும் பொருளுக்காக ஒரே ஒரு மூடியில்லாத கூடை, ஒரு அடிக்கு ஒரு அடி அளவில், திரைக்குப் பின்னால் கீழே. சனிக்கிழமை அதைத் தரையில் கொட்டிப் பிரித்துப் பாருங்கள். எது வாரா வாரம் அந்தக் கூடையில் திரும்பத் திரும்ப வருகிறதோ அதற்கு வீட்டில் இடம் இல்லை என்று பொருள். கத்தரிக்கோலும் செல்லோடேப்பும் வந்தால், பிள்ளைகள் எழுதுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு டிராயர் வேண்டும். சார்ஜர் வந்தால், திரை வரிசைக்குள் ஒரு பிளக் பாயின்ட் இழுக்கச் சொல்லுங்கள். கூடை சனிக்கிழமைக்கு முன்பே நிரம்பினால் பெரிய கூடை வாங்காதீர்கள்.

பலகை அறுக்கச் சொல்வதற்கு முன் இரண்டு வாரம் ஒத்திகை பாருங்கள். கதவைக் கழற்றி, பழைய புடவை ஒன்றைத் திரையாகக் கட்டி, பிரிவுகளுக்குக் கெட்டி அட்டைப்பெட்டிகளை வைத்தால் போதும். பை எங்கே இடிக்கிறது, ஹெல்மெட் எந்த உயரத்தில் சுலபமாகப் போகிறது, எந்தத் தட்டு காலியாகவே கிடக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். அந்த அளவுகளை எழுதிக்கொண்டு ஆசாரியைக் கூப்பிடுங்கள்.