90 நிமிட ஒட்ஸ் மட்டும் கையில் இருந்தால், கப் ஆட்டத்தில் அடுத்த சுற்றுக்குப் போகிற அணியின் ஒட்ஸை எப்படிக் கணிப்பது?

கிளிநொச்சியில் தேத்தண்ணிக் கடையில் ஆட்டம் பார்க்கும்போது எங்களுக்குள் அடிக்கடி எழும் வாக்குவாதம் இது. சமநிலையின் பங்கை யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஓர் ஆட்டத்தை எடுப்போம். பலமான அணி 1.90, சமநிலை 3.40, மற்ற அணி 4.50. ஒவ்வொன்றாலும் ஒன்றை வகுத்துக் கூட்டினால் 1.043 வரும். மேலதிகமாக நிற்கும் அந்த 0.043 ஒட்ஸ் போடுபவரின் இலாபம். வகுத்து வந்த மூன்று விடைகளையும் 1.043 ஆல் வகுத்தால் 50.5%, 28.2%, 21.3%.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். சிலர் சமநிலையின் 28.2 ஐச் சரிபாதியாகப் பிரித்து, பலமான அணி அடுத்த சுற்றுக்குப் போக 64.6% என்பார்கள். வேறு சிலர் வெற்றி விகிதப்படியே பிரித்து 70.3% என்பார்கள். முதலாவது பலமான அணியைக் குறைத்து மதிக்கிறது, இரண்டாவது கூட்டி மதிக்கிறது.

நான் செய்வது இதுதான். எக்செல்லில் `POISSON.DIST` போட்டு, இரு அணிகளின் கோல் சராசரிகளை மாற்றி மாற்றிப் பார்ப்பேன். இந்த ஆட்டத்துக்கு 1.35, 0.77 என்று வைத்தால் மூன்று வீதங்களும் ஏறத்தாழ அப்படியே வந்துவிடுகின்றன. மேலதிக நேரம் 30 நிமிடம், அதாவது மூன்றில் ஒரு பங்கு. ஆகவே 0.45, 0.257. இவற்றை வைத்துத் திரும்பக் கணித்தால் பலமான அணி அந்த அரை மணியில் வெல்ல 29.6%, மற்றது வெல்ல 15.2%, இன்னும் சமநிலை 55.2%. பாதிக்கு மேல் பெனால்டிக்குப் போகிறது, அதை நான் பாதிக்குப் பாதி என்றே வைக்கிறேன்.

```
0.505 + 0.282 × (0.296 + 0.552/2) = 0.666
```

1 ஐ 0.666 ஆல் வகுத்தால் 1.50. மற்ற அணிக்கு 2.99. இலாபம் சேர்க்காத ஒட்ஸ் இவை.

கோல் எண்ணிக்கைக்கான ஒட்ஸும் கிடைத்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். அது ஆட்டத்தில் 2.6 கோல் எதிர்பார்க்கிறது, உங்கள் கூட்டுத்தொகையோ 2.12 என்றால், பாய்சான் சமநிலைகளைக் குறைத்து எண்ணுகிறது என்று அர்த்தம். அப்போது மொத்தத்தைக் கோல் ஒட்ஸிலிருந்து எடுத்து, இரு அணிகளுக்கும் பிரிப்பதை மட்டும் வெற்றி ஒட்ஸைப் பார்த்துச் செய்யுங்கள். சமநிலையின் 28.2 ஐ ஒட்ஸில் உள்ளபடியே வைத்திருங்கள்.

அப்புறம், போட்டி விதியை முதலில் வாசியுங்கள். முல்லைத்தீவுப் பக்கம் நான் பார்த்த ஒரு கழகச் சுற்றில், வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்ததால் விசில் ஊதியதும் நேரே பெனால்டிப் புள்ளியில் பந்தை வைத்தார்கள். இங்கிலாந்தின் லீக் கப்பிலும் 2018-19 முதல் அரையிறுதிக்கு முந்திய சுற்றுகளில் மேலதிக நேரம் இல்லை. அப்படியான ஆட்டத்துக்கு அந்த 64.6% தான் சரி, ஒட்ஸ் 1.55.

இரண்டு ஆட்டங்களைக் கூட்டிப் பார்க்கும் சுற்றுக்கு இந்தக் கணக்கை அப்படியே போடாதீர்கள். முதல் ஆட்டத்தில் 2-1 என்றால், இரண்டாவதில் மேலதிக நேரத்துக்குக் கொண்டுபோவது 90 நிமிடச் சமநிலை அல்ல, பின்தங்கிய அணி ஒரு கோலால் வெல்வது.