கருவாட்டின் நடுவில் மட்டும் உப்பு நிற்கிறதா?

“தர்மபுரி சந்தையில் வாங்கிய பாறைக் கருவாட்டை அரை மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்தேன். வறுத்தால் ஓரம் உதிர்கிறது, நடுவில் உப்புக் கரிக்கிறது. என்ன செய்வது?”

வெந்நீரை விட்டுவிடுங்கள். மேலே ஒட்டிய கல்லுப்பை உதறிக் கழுவி, விரல் தடிமனுக்கு வெட்டி, பச்சைத் தண்ணீரில் ஊறவையுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை என 3 முறை தண்ணீரை மாற்றுங்கள்.

பெரிய துண்டாகவே போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சூட்டில் ஓரம் வெந்து உதிர்ந்துவிடும்; உப்போ நடுவிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறும். தண்ணீரும் உப்பாகிவிட்டால், எவ்வளவு நேரம் கிடந்தாலும் பயன் குறைவு.

தடித்த துண்டின் நடுவிலிருந்து மிளகளவு கிள்ளி, எண்ணெயில் பொரித்துச் சுவைத்துப் பாருங்கள். வறுவலுக்கு உப்பு மட்டாக இருக்க வேண்டும். களிக்குக் குழம்பு வைப்பதானால் சற்றுத் தூக்கலாகவே எடுத்துவிடலாம். மிச்ச உப்பு குழம்பில் இறங்கும். அதனால் குழம்புக்கு உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள். கத்திரிக்காயும் மொச்சையும் சேர்த்தால் இன்னும் நல்லது, அவை உப்பை வாங்கிக்கொள்ளும்.

வறுக்கும் முன் துணியால் ஒற்றி ஈரத்தை எடுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் தெறிக்கும். நெத்திலிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது; 10 நிமிடமே அதிகம். உப்பு இறங்கிய கருவாடு பிறகு தாங்காது, அன்றே சமைத்துவிடுங்கள்.