ஒரு வேளைக்கு எவ்வளவு லூசின்? சைவக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

சைவம் மட்டும்தான். எடை 65 கிலோ. ஒரு வேளையில் லூசின் 2.5 கிராம் வராவிட்டால் அந்தச் சாப்பாடு தசைக்கு வீணா?

வீணாகாது. லூசின் என்பது புரதத்தில் இருக்கும் ஒரு அமினோ அமிலம், தசை கட்டும் வேலையைத் தொடங்கி வைப்பது அதுதான். அந்த 2.5 கிராம் ஒரு கோடு மாதிரி. அதற்குக் கீழே இருந்தால் தசை கட்டும் வேலை மந்தமாக நடக்கும், நின்றுபோகாது. அதுவும் எட்ட முடியாத அளவில்லை. 70 கிராம் பருப்பை வேகவைத்துச் சாப்பிட்டால் புரதம் சுமார் 17 கிராம், லூசின் 1.2 கிராம். ஒரு கப் சோறு 0.3 சேர்க்கும். ஒரு பெரிய கிண்ணம் தயிர் 0.8 தரும். மொத்தம் 2.3, கிட்டத்தட்ட வந்துவிட்டது. ஆனால் 70 கிராம் என்பது வேகவைக்கும் முன் எடை. தண்ணியாகக் கரைத்த பருப்பு இரண்டு கரண்டி என்றால் இதில் கால்வாசிகூடத் தேறாது. பெரும்பாலானோர் ஏமாறுவது இங்கேதான். ஒரு வாரம் எடைபோட்டுப் பாருங்கள், அப்புறம் கண்ணே அளந்துவிடும்.

அதான் நான் லூசின் இருக்கும் பிசிஏஏ என்ற அமினோ அமிலப் பொடி குடிக்கிறேன். லூசின் உள்ளே போனால் போதும்தானே?

பாதி சரி. லூசின் ரத்தத்தில் ஏறியதும் தசைச் செல்லுக்குள் தசை கட்டச் சொல்லும் எம்டார் என்ற சுவிட்ச் விழுவது உண்மை. ஆனால் தசை கட்ட ஒன்பது அத்தியாவசிய அமினோ அமிலங்களும் வேண்டும், பொடியில் இருப்பது மூன்றுதான். கொத்தனார் வந்து நிற்பார், செங்கல் இருக்காது. புரதம் குறைவான சாப்பாட்டோடு தனி லூசின் சேர்ப்பதில் கொஞ்சம் அர்த்தம் உண்டு. வெறும் பொடிக்கு நான் காசு செலவழிக்க மாட்டேன்.

லூசின் சாப்பிட்டால் தொப்பை குறையுமா?

குறையாது. அது வேறு கணக்கு.

அம்மாவுக்கு 70 வயது, 55 கிலோ. காலையில் டீயும் ரெண்டு துண்டு ரொட்டியும்தான்.

லூசின் கணக்கு நிஜமாகவே உதவுவது இவரைப் போன்றவர்களுக்குத்தான். வயதான தசைக்கு லூசின் தரும் சமிக்ஞை சரியாக எட்டாது. இளைஞருக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 0.25 கிராம் புரதம் போதும் என்றால், இவருக்கு 0.4 வரை வேண்டும். அதாவது 22 கிராம். அந்தக் காலை உணவில் 5, 6 கிராம் தேறினால் அதிகம். டீக்குப் பதில் ஒரு பெரிய டம்ளர் பால், கூடவே 25 கிராம் சோயா உருண்டை வேகவைத்துக் கொடுத்தால் எட்டிவிடும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கூட்டாதீர்கள்.

அப்போ இளைஞர்கள் வேளைக்கு வேளை எண்ண வேண்டாமா?

நாள் மொத்தம் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் வந்தால் நான் எண்ண மாட்டேன். 2021இல் வெளியான ஆய்வில், அந்த அளவு சாப்பிட்டு 12 வாரம் பளு தூக்கிய இளைஞர்களில், விலங்குணவே தொடாதவர்களுக்கும் எல்லாம் சாப்பிடுபவர்களுக்கும் தசை ஒரே மாதிரிதான் வளர்ந்தது. மொத்தமே குறைவாக இருப்பவர்களுக்கு வேளைக் கணக்கு எவ்வளவு கைகொடுக்கும் என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை.