வாட்ச் காட்டிய 650 கலோரி எங்கே போனது?

"டாக்டர், எனக்கு வயது 38, உயரம் 168 செ.மீ., எடை 84 கிலோ. மூன்று மாதமாக வாரம் நான்கு நாள் காலையில் ஒரு மணி நேரம் ஷட்டில் ஆடுகிறேன். ஒரு கோர்ட், ஆறு பேர், டபுள்ஸ். ஞாயிறு காலை 7 முதல் 11 வரை டென்னிஸ் பால் கிரிக்கெட், இரண்டு மேட்ச். என் ஸ்மார்ட் வாட்ச் ஷட்டிலுக்கு 650, கிரிக்கெட்டுக்கு 1,800 கலோரி காட்டுகிறது. எடை அரைக் கிலோகூட இறங்கவில்லை. ஃபுட்பாலுக்கு மாறலாமா? அப்பாவுக்கு 52 வயதில் ஹார்ட் அட்டாக் வந்தது."
– வாசகர், திருச்சி

முதலில் வாட்சை ஓரமாக வையுங்கள். ஒரு மணி நேரத்தில் 650 கலோரி செலவாக வேண்டுமென்றால், உங்கள் உடம்புக்கு நீங்கள் மணிக்கு 9 கி.மீ. வேகத்தில் நிற்காமல் ஒரு மணி நேரம் ஓட வேண்டும். அப்படி ஓடியிருந்தால் ஷட்டில் முடிந்து ஆபீஸுக்குக் கிளம்பியிருக்க மாட்டீர்கள்.

கணக்கை நாமே போடலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியை 1 மெட் என்பார்கள். ஒவ்வொரு வேலையும் அதைப்போல எத்தனை மடங்கு என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 1993-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். பிறகு பலமுறை திருத்தினார்கள். 2011 பட்டியலில் பொழுதுபோக்காக ஆடும் ஷட்டில் 5.5, போட்டியாக ஆடினால் 7. சாதாரண ஃபுட்பால் 7, போட்டி ஃபுட்பால் 10. கிரிக்கெட் 4.8.

இந்த மடங்கை அப்படியே எடையால் பெருக்குவதுதான் பலர் செய்வது. அதில் ஒரு சின்னத் தப்பு இருக்கிறது. கிலோவுக்கு மணிக்கு 1 கலோரி என்று வைத்தால் உங்களுடைய 1 மெட் 84 கலோரி ஆகிறது. ஆனால் கூடுதலாக இருக்கும் கொழுப்பு, தசை அளவுக்குச் சக்தியைச் செலவழிப்பதில்லை. அதனால் பருமனானவர்களுக்கு இந்தக் கணக்கு கூடுதலாகவே காட்டும். வேறு வழி இது: எடையை 10-ஆல், உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆண் என்றால் கடைசியில் 5 கூட்டுங்கள். பெண் என்றால் 161 கழியுங்கள். உங்களுக்கு 840 + 1,050 − 190 + 5, அதாவது நாளுக்கு 1,705 கலோரி. 24-ஆல் வகுத்தால் மணிக்கு 71.

இன்னொன்று, விளையாடாமல் வீட்டில் இருந்திருந்தாலும் அந்த 71 செலவாகியே இருக்கும். எடைக் கணக்குக்கு அதைச் சேர்க்கக் கூடாது. ஆகவே ஷட்டிலுக்கு 5.5-ல் ஒன்று கழித்து 4.5 × 71, மணிக்குச் சுமார் 320 கலோரி.

அதுவும் ஒரு மணி நேரம் முழுக்க கோர்ட்டுக்குள் நின்றால்தான். ஆறு பேருக்கு ஒரு கோர்ட் என்றால் எப்போதும் இரண்டு பேர் பெஞ்சில். உங்கள் பங்குக்கு 40 நிமிடம்தான் ஆட்டம். 320-ல் மூன்றில் இரண்டு பங்கு, ஏறக்குறைய 210. ராலிக்கு நடுவே ஷட்டில் பொறுக்கும் நேரமெல்லாம் அந்த 5.5-லேயே அடக்கம், அதைக் கழிக்க வேண்டாம். பெஞ்சு நேரத்தை மட்டும் கழியுங்கள்.

கிரிக்கெட்டில் இது இன்னும் மோசம். நான்கு மணி நேரத்தில் ஃபீல்டிங் இரண்டு மணி, பேட்டிங் எல்லாம் சேர்த்து அரை மணி என்று தாராளமாகவே வைப்போம். மீதி ஒன்றரை மணி நேரம் மரத்தடியில் ஸ்கோர் எழுதுவதும் அம்பயரைத் திட்டுவதும்தான். 3.8 × 71 × 2.5, சுமார் 675. லாங் ஆனில் பந்தே வராமல் நிற்கிறவர் என்றால் அதுவும் கிடைக்காது. 600 என்று வைத்துக்கொள்ளலாம். பௌலர் என்றால் கொஞ்சம் கூடும்.

பிறகு 1,800 எங்கிருந்து வந்தது? வாட்ச் பெரும்பாலும் நாடித் துடிப்பை வைத்துத்தான் சக்தியை ஊகிக்கிறது. வெயிலில் சும்மா நின்றாலே துடிப்பு ஏறும். தோலைக் குளிர்விக்க ரத்தம் அங்கே போக வேண்டும், வியர்வையில் நீர் குறைகிறது, அதனால் இதயம் வேகமாக அடிக்கிறது. தசை கூடுதலாக வேலை செய்யவில்லை. வாட்சுக்கு அது தெரியாது. ஷட்டிலில் வேறு சிக்கல். ராக்கெட் பிடிக்கும் கையில் கட்டினால் மணிக்கட்டு உதறுவதும் பிடி இறுகுவதும் துடிப்பின் அளவையே குழப்பும். மற்றக் கையில் கட்டினால் கொஞ்சம் தேவலை. சில வாட்ச்கள் அந்த மணிக்கு 71-ஐயும் சேர்த்தே காட்டும். மேட்ச் முடிந்து எடை பார்த்தால் ஒரு கிலோ குறைந்திருக்கிறதா? அது தண்ணீர், சாயங்காலத்துக்குள் திரும்பி வந்துவிடும்.

சரி, இப்போது கூட்டுவோம். ஷட்டில் நான்கு நாளுக்கு 840, கிரிக்கெட்டுக்கு 600, வாரத்துக்கு 1,440 கலோரி. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 வேண்டும். சாப்பாடு துளியும் மாறாமல் இருந்தால் நான்கு வாரத்தில் முக்கால் கிலோ, மூன்று மாதத்தில் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்பதால் சாப்பாடு மாறியிருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். நீங்கள் எழுதவில்லை, ஆனால் கேட்கிறேன்: ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் டீக்கடைக்குப் போகிறீர்களா? இரண்டு மெதுவடையும் சர்க்கரை போட்ட ஒரு டீயும் 300 கலோரி பக்கம் வரும். நீங்கள் சம்பாதித்தது 210. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியின் இரண்டாவது தட்டு, அந்த 600-ஐ முழுசாக விழுங்கிவிடும்.

ஃபுட்பால் மணிக்கு 6 × 71, கிட்டத்தட்ட 425 கலோரி. மூன்றில் அதுதான் அதிகம். டர்ஃபில் பெஞ்சில் உட்காரும் நேரமும் குறைவு. ஆனால் ஷட்டிலை விட வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரைக் கழற்றி நான்கு பேராக ஆடினாலே 210 என்பது 320 ஆகிவிடும். கடைசி இருபது நிமிடம் சிங்கிள்ஸ் ஆடினால் இன்னும் ஏறும். கிரிக்கெட்டை ஆசைக்கு ஆடுங்கள், எடைக் கணக்கில் எழுத வேண்டாம்.

நான்கு வாரம் இப்படி ஆடி, வாரம் மூன்று நாள் காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து சராசரி எழுதுங்கள். ஷட்டில் மட்டும் வாரம் 1,280 தரும். நான்கு வாரத்தில் 650 கிராம் பக்கம் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் கோர்ட்டில் நின்ற நிமிடத்தையும் டீக்கடையையும் மறுபடி பாருங்கள். ஒருநாள் எடையை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள்; முந்தைய இரவின் ஊறுகாய்கூட முள்ளை நகர்த்தும்.

ஃபுட்பால் ஆசை இருந்தால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அப்பாவுக்கு 55 வயதுக்குள் ஹார்ட் அட்டாக் வந்திருக்கிறது, அதை லேசாக எடுக்கக் கூடாது. பிபி, வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொலஸ்ட்ரால், ஈசிஜி பார்த்துவிட்டு, டிரெட்மில் டெஸ்ட் வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். திடீரென்று பாய்ந்து ஓடி நிற்கும் ஆட்டம் அது. முதல் மாதம் 30 நிமிடத்தோடு நிறுத்துங்கள். ஆடும்போது நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, அளவுக்கு மீறிய மூச்சிரைப்பு வந்தால் ஆட்டத்தை அங்கேயே விட்டுவிடுங்கள். 'கேஸ்' என்று சோடா குடித்துவிட்டுத் திரும்ப இறங்காதீர்கள். உட்கார்ந்துகொண்டு 108-ஐ அழையுங்கள். வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.