அப்பா பேசி அனுப்பிய கேசட், அம்மா ஒட்டிய ஆல்பம்: மணநாள் பரிசு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அப்பா 1986-இல் சவூதியில் வேலை பார்த்தபோது கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அம்மாவுக்கு அனுப்புவார். நான்கு கேசட் இருக்கிறது. அடுத்த மாதம் 40-வது மணநாள். ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. கெட்டுவிட்டதா?

பதில்: பெரும்பாலும் கெட்டிருக்காது. மீதி மூன்றையும் போடுவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்து கேசட்டின் ஜன்னல் வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சை. அதை ஓட்டவே வேண்டாம், பிளேயரில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போய்விடும். சுத்தமாக இருந்தால் மேல் விளிம்பின் இரு மூலையிலும் உள்ள சின்னப் பிளாஸ்டிக் பற்களை உடைத்துவிடுங்கள். அப்புறம் சிவப்புப் பட்டனில் தவறிக் கை பட்டாலும் அப்பா குரல் அழியாது.

இப்போது குரல் மந்தமாக இருப்பதற்கு வருவோம். கேசட்டின் அடிப்பக்கத்தில், நாடாவுக்குப் பின்னால் ஒரு பஞ்சுத் துண்டு இருக்கும். அதுதான் நாடாவை, பிளேயரில் அதைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கிறது. பழைய கேசட்டில் பசை காய்ந்து அது விழுந்திருக்கும். ஒரு பழைய பாட்டுக் கேசட்டிலிருந்து எடுத்துப் பொருத்தலாம். பஞ்சு சரியாக இருந்தால் ஹெட்டைத் துடையுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், காது குடையும் பஞ்சுக்குச்சி, இரண்டும் போதும். குச்சியில் பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். சானிடைசர் ஜெல் வேண்டாம், பிசுபிசுப்பு தங்கிவிடும்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் ஹெட்டின் கோணம். அப்பா பேசிய டூ-இன்-ஒன்னின் ஹெட்டும் உங்கள் பிளேயரின் ஹெட்டும் ஒரே நிமிர்வில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட ஒரு சின்னத் திருகு இருக்கும். கேசட் ஓடும்போதே அதை மெல்ல, கால் சுற்றுக்குள், இப்படியும் அப்படியும் திருப்புங்கள். 'ச', 'ஸ' ஓசைகள் கூர்மையாகக் கேட்கிற இடத்தில் நிறுத்துங்கள். கேசட்டுக்குக் கேசட் இந்த இடம் மாறலாம்.

கேள்வி: நான் போனை ஸ்பீக்கர் பக்கத்துல வச்சு ரெக்கார்ட் பண்ணிட்டேன். Audacity சாஃப்ட்வேர்ல இரைச்சலையும் முழுசா எடுத்தாச்சு. இப்ப 'உஸ்'ஸே இல்ல, ஆனா பாட்டி குரல் தண்ணிக்குள்ள பேசற மாதிரி இருக்கு. முழுசா எடுக்கறதுதானே சரி?

பதில்: இரைச்சலைக் குறைக்க நினைத்தது சரி, முழுதாக எடுத்ததுதான் தப்பு. அதோடு சேர்ந்து குரலின் மெல்லிய பகுதியும் போய்விட்டது. பேச்சில்லாத ஒன்றிரண்டு நொடியைத் தேர்ந்தெடுத்து, Noise Reduction-இல் Get Noise Profile கொடுங்கள். பிறகு முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து 6 முதல் 9 dB வரை மட்டும் குறையுங்கள். கொஞ்சம் 'உஸ்' இருக்கட்டும், காது பழகிக்கொள்ளும்.

ஆனால் அதற்கு முன், போன் பதிவை விட்டுவிட்டு ஒயர் வழியாக எடுங்கள். பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து லேப்டாப்புக்கு நேரே ஒயர் போட்டால் பல லேப்டாப்பில் ஒன்றும் பதிவாகாது, ஏனென்றால் அந்த ஒற்றைத் துளை சாதாரண ஒயரை ஹெட்போன் என்றே எடுத்துக்கொள்ளும். மைக் துளை தனியாக உள்ள ஒரு யுஎஸ்பி சவுண்டு கார்டு வாங்குங்கள். வீட்டில் பேசிய பதிவு மோனோவாகத்தான் இருக்கும், அதனால் விலை குறைந்ததே போதும். பிளேயரின் வால்யூமைக் கீழிருந்து ஏற்றுங்கள். உரக்கப் பேசும் இடத்தில் அளவு –6 dB-ஐத் தாண்டக் கூடாது. முதலில் WAV ஆகச் சேமித்து அதைத் தொடாமல் வைத்துவிட்டு, நகலில் கைவையுங்கள்.

கேள்வி: கேசட் என்று நீங்கள் சொல்வது வீடியோ கேசட்தானே? எங்கள் கல்யாண வீடியோவில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறது. ஆல்கஹால் போட்டுத் துடைத்துவிடவா?

பதில்: இல்லை, நான் சொன்னது ஆடியோ கேசட். நீங்கள் சொல்வது பூஞ்சை, வீட்டில் துடைக்கிற வேலை இல்லை. ஓட்டாமல், ஈரமில்லாத இடத்தில் நிமிர்த்தி வைத்து, விஎச்எஸ் சுத்தம் செய்து மாற்றித்தரும் ஆளிடம் கொடுங்கள். இந்த மணநாளுக்கு முடியாமல் போகலாம்.

கேள்வி: கல்யாணப் படம் ஃப்ரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. தண்ணீரில் ஊறவைத்தால் கழன்று வரும் என்று ஸ்டூடியோக்காரர் ஒருவர் சொன்னார். செய்யலாமா?

பதில்: சில வண்ணப் படங்கள் அப்படிக் கழன்று வருவதுண்டு, அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் வராமல் முகத்தின் மேல்தோல் கண்ணாடியிலேயே தங்கிவிட்டால் திரும்ப ஒட்ட வழியில்லை. கைவண்ணம் தீட்டிய கறுப்பு வெள்ளைப் படம் என்றால் தண்ணீர் பக்கமே போகாதீர்கள்.

கண்ணாடியோடு நகல் எடுங்கள். மெல்லிய, எடை குறைந்த ஸ்கேனர்களில் பல, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உள்ள படத்தை மங்கலாக்கிவிடும். அதனால் கேமராவே மேல். இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு, கேமராவுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணி. துணி இல்லையென்றால் படத்தில் உங்கள் சட்டைதான் தெரியும்.

பசைக்கோடு போட்ட ஆல்பமும் இப்படித்தான். பல்லிடுக்கில் விடும் நூலைப் படத்துக்கு அடியில் ரம்பம் போல இழுத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் மேல் பிளாஸ்டிக்கை மட்டும் தூக்கி, பக்கத்தோடு 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள்.

கேள்வி: எல்லாம் கையில் இருக்கிறது: படங்கள், 12 நிமிடக் குரல். என்ன செய்வது? ஒவ்வொரு படத்தின் கீழும் க்யூஆர் கோடு போட்டால் அழகாக இருக்குமே?

பதில்: அழகாக இருக்கும், ஆனால் எழுபது வயதில் அவர்கள் போனை எடுத்து அதை ஸ்கேன் செய்வார்களா? இலவசத் தளங்கள் தரும் சில கோடுகள் சில மாதங்களில் வேலை செய்யாமலும் போகும். நான் செய்வது விசிறி மடிப்பு ஆல்பம், கூடவே பென் டிரைவ் செருகும் சின்ன ஸ்பீக்கர்.

22-க்கு 28 அங்குல ஐவரி அட்டை ஒன்று வாங்குங்கள். நீளவாக்கில் ஐந்தரை அங்குலப் பட்டையாக வெட்டினால் நான்கு பட்டை வரும். ஒவ்வொன்றையும் ஏழு அங்குலத்துக்கு ஒருமுறை மடித்தால் நான்கு பக்கம். இரண்டு பட்டையைப் பின்னால் பருத்தித்துணிக் கீற்று ஒட்டி இணைத்தால் எட்டுப் பக்கம், மீதி இரண்டு பட்டை கெட்டுப்போனால் மாற்றுக்கு. மடிக்கிற இடத்தில் மை தீர்ந்த ரீஃபிலால் அழுத்திக் கோடு போட்ட பிறகே மடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மேற்பரப்பு வெடிக்கும்.

4-க்கு 6 அளவில் நகலை மட்டும் லேபில் அச்சிட்டு, காகித மூலைகளில் செருகுங்கள். பசை தடவினால் அட்டை நெளியும். எட்டுப் படம், எட்டுத் துண்டுக் குரல், ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடம். எம்பி3 கோப்புகளுக்கு 01, 02 என்று பெயரிட்டு, FAT32 பென் டிரைவில் அதே வரிசையில் ஒவ்வொன்றாக நகலெடுங்கள். மலிவு ஸ்பீக்கர்கள் பல பெயரைப் பார்க்காமல், நகலெடுத்த வரிசையில்தான் பாடும். அடுத்த பட்டனைத் தட்டினால் அடுத்த பக்கத்தின் குரல் வரும்.

கேள்வி: (முதலில் கேட்டவர்) அண்ணா, குரல் தெளிவாகிவிட்டது! ஆனால் இரண்டாவது கேசட்டில் பாட்டியோடு நடந்த சண்டையைப் பற்றி அப்பா பேசுகிறார். அத்தைமார் எல்லாரும் வருவார்கள். வெட்டிவிடவா?

பதில்: அத்தைமார் முன்னால் அது வேண்டாம். ஆனால் வெட்டாத WAV-ஐ என்ன செய்வது என்பதில் எனக்குத் தீர்மானமில்லை. அது அம்மாவுக்கு மட்டும் அனுப்பியது, நாமே கேட்டிருக்கலாமா என்பதே கேள்வி. என் தங்கை கட்சி வேறு: அம்மாவிடம் முதலிலேயே சொல்லி, எந்தத் துண்டு வேண்டும் என்று அவரையே கேள் என்பாள். ஆச்சரியம் போய்விடும்தான். நீங்கள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அசல் நான்கு கேசட்டையும் அம்மாவின் கையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: பளபளப்பான தாளா, மேட்டா?

பதில்: மேட். எல்லாரும் விரல் வைத்துக் காட்டித்தான் பார்ப்பார்கள்.