படுக்கையில் இருப்பவருக்கு டேப்லெட்டில் என்ன விளையாட்டு?

கேள்வி: அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுக்கையில் இருக்கிறார். டேப்லெட் இருக்கிறது. ஆனால் பத்து நிமிஷத்தில் சோர்ந்துவிடுகிறார், கவனமும் நிற்பதில்லை. என்ன விளையாட்டு போட்டுத் தரலாம்?

போன மழைக்காலத்தில் மும்பை செம்பூரில் எங்கள் கட்டடப் படியில் அப்பா வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்து இரண்டு மாதம் படுக்கை. சீட்டுப் பிரியர் ஆயிற்றே என்று முதலில் ரம்மி போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாளே டேப்லெட்டைத் தள்ளி வைத்துவிட்டார். ஆட்டம் தெரியாமல் இல்லை, நேரக்கெடுதான் பிரச்சினை. சில நொடிகளுக்குள் சீட்டைப் போட வேண்டும். வலி மாத்திரை போட்டால் கண் சொக்கும், விழித்துப் பார்த்தால் தோற்றிருப்பார்.

அதற்கப்புறம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்த்தேன்: பாதியில் தூங்கிவிட்டால் ஆட்டம் அப்படியே காத்திருக்குமா?

சாலிடேர் காத்திருக்கும். ஆனால் அமைப்பில் மூன்று மூன்றாகச் சீட்டு திறப்பதை ஒவ்வொன்றாகத் திறக்கும்படி மாற்றுங்கள், இல்லாவிட்டால் எது எங்கே போனது என்று நினைவில் வைக்க வேண்டியிருக்கும். சீட்டை இழுக்காமல் தொட்டாலே நகரும் வசதி இருந்தால் அதையும் போடுங்கள். படுத்தபடி விரலை இழுத்தால் கை சீக்கிரம் வலிக்கும்.

அப்பாவுக்கு அதிகம் பிடித்தது `Simon Tatham's Puzzles` என்ற இலவசத் தொகுப்பு. விளம்பரம் இல்லை, இணையமும் வேண்டாம். அதில் `Net` என்ற புதிரில் கட்டங்களைத் தொட்டுத் திருப்பி, எல்லாக் கம்பிகளையும் நடுவில் இருக்கும் பெட்டியோடு சேர்க்க வேண்டும். சேர்ந்த கம்பி நிறம் மாறும், அதனால் எங்கே விட்டோம் என்று பார்த்ததுமே புரிந்துவிடும். 5x5 அளவில் ஆரம்பியுங்கள். அப்பா ஒரு புதிரை மூன்று தவணையில் முடிப்பார். ஒரே கட்டத்தைச் சுற்றிச் சுற்றித் திருப்ப ஆரம்பித்தால் களைத்துவிட்டார் என்று அர்த்தம். கேட்டால் இல்லை என்பார், நான் டேப்லெட்டை வாங்கி வைத்துவிடுவேன்.

டேப்லெட்டை அம்மா கையில் பிடிக்க விடாதீர்கள். பத்து அங்குல டேப்லெட் அரைக் கிலோ இருக்கும். எங்கள் வீட்டில் ஒருமுறை மூக்கின் மேலேயே விழுந்தது. தலையணையில் சாய்த்து வைக்கலாம், ஸ்டாண்டு இருந்தால் இன்னும் நல்லது. திரை தானாகச் சுழல்வதையும் நிறுத்திவிடுங்கள், ஒருக்களித்துப் படுத்தால் படம் புரண்டுகொண்டே இருக்கும்.

ஆள் துணைக்கு ஏங்கினால் `lichess.org`-இல் செஸ். இலவசம்தான். நண்பருக்கு அழைப்பு அனுப்பும்போது `Correspondence` என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு நகர்த்தலுக்கு 14 நாள் வரை அவகாசம் தரலாம். அப்பா மாட்டுங்காவில் இருக்கும் நண்பரோடு ஆடினார். காலை காபிக்கு ஒரு நகர்த்தல், அவ்வளவுதான். மதியம் சாப்பிடும்போதும் அந்தக் குதிரையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். அவர் வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்தபோதும் அந்த ஆட்டம் முடிந்திருக்கவில்லை.